வலது இமையோரம்

"பத்து நாள் வேணும். ஒம்பதுன்னு பேரம் பேசாதீங்க."

ரிவ்யூ அறையில், முடித்த வேலையைச் சுவர்த்திரையில் போட்டுப் பார்க்கும் கூட்டம். கேட்டவள் அந்த அறையில் வயதில் கடைசி, அனுபவத்தில் கடைசி, நாற்காலி வரிசையிலும் கடைசி. வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. ஆறாவது மாதம் முடிந்தால்தான் வேலை நிரந்தரம்.

சேர்ந்த முதல் வாரமே டீம் லீட் அவளைத் தனியாக உட்காரவைத்துச் சொல்லியிருந்தார். அந்த அறையில் நாற்காலி கேட்கலாம், நல்ல மானிட்டர் கேட்கலாம், லீவுகூடக் கேட்கலாம், நாள் மட்டும் கேட்கக் கூடாது. நாள் கேட்பது லீட் வேலை. அம்மாவும் அதையே வேறு விதமாகச் சொல்லியிருந்தாள். "நம்மள மாதிரி ஆளுங்க டைம் கேட்டா டைம் குடுக்க மாட்டாங்க. வேற ஆளத்தான் கூப்பிட்டுக்குவாங்க." இரண்டு பேர் பேச்சையும் ஒரே வாக்கியத்தில் மீறிவிட்டு அவள் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். உள்ளே தைரியம் ஒரு சொட்டுக்கூட இல்லை. பயத்தில் வந்த வீம்புதான் அத்தனையும்.

சுவர் நிறைய அந்த மிருகத்தின் தலை. தவளைக்கும் ஆட்டுக்கும் பிறந்தது போன்ற முகம், தாடைக்குக் கீழே மீசை மீசையாகத் தசை, மடிப்பு மடிப்பாகத் தொங்கும் கழுத்து. தோல் முழுக்கக் கொப்புளம் என்பதால் ஆபீஸில் அதற்குச் சொறியன் என்று பெயர். ஒரு வீடியோ கேமின் முதல் காட்சியில் சொறியன் சேற்றில் படுத்திருக்கும். கேமரா அதன் முகத்தருகே வரும். அது மெதுவாகக் கண்ணை மூடித் திறக்கும். காட்சி அவ்வளவுதான்.

அந்தக் கண்தான் மூடவில்லை. இடது கண் ஒழுங்காக மூடியது. வலது கண் முக்கால்வாசி வந்து நின்றது. மூக்கோரத்து மூலையில் தோல், தையல் விட்ட பை மாதிரி பிளந்துகொண்டது.

"ஏன் பத்து நாள்?" என்றார் சூப்பர்வைசர் மேடம். கோபமாகக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரிய வேண்டியிருந்தது.

அவள் பதில் தயாராக வைத்திருந்தாள். தலையை மறுபடியும் செதுக்க வேண்டும், ஏனென்றால். அந்த 'ஏனென்றால்' வரைக்கும்தான் தயாராக இருந்தது. அதற்குள் லீட் முந்திக்கொண்டார்.

"ரீடோபாலஜில சொதப்பிட்டாங்க மேடம். கண்ணச் சுத்தி லூப் சரியா ஓடல."

எல்லாத் தலையும் ஒரே ஆளின் பக்கம் திரும்பியது. கொசுவலை.

செதுக்கிய சிற்பத்தில் லட்சக்கணக்கான முக்கோணங்கள் கன்னாபின்னாவென்று கிடக்கும். அதை அப்படியே அசைக்க முடியாது. அதன் மேல் ஒழுங்கான சதுரங்களால் புதிதாக ஒரு மெல்லிய வலையைப் போர்த்த வேண்டும். கண்ணைச் சுற்றி வளையம் வளையமாக, வாயைச் சுற்றி வளையம் வளையமாக, தசை எப்படி இழுக்குமோ அப்படி. அதற்குத்தான் ரீடோபாலஜி என்று பெயர். அதைச் சதுரம் சதுரமாகக் கையால் போடுகிற ஆள் இவர். நாற்பது வயது, இரண்டு பெண் குழந்தைகள், முதுகுவலிக்கு நாற்காலியில் ஒரு பச்சைத் தலையணை. யாரோ எப்போதோ கொசுவலை என்று கூப்பிட்டார்கள். அவரும் தன் லாகின் பெயரையே அப்படி மாற்றிக்கொண்டார்.

"அந்த ஓரம் மாடல்லயே இல்ல," என்றார் கொசுவலை. "நான் கேட்டேன்."

"யாரைக் கேட்டீங்க?"

அவர் பெயர் சொல்லவில்லை. கடைசி நாற்காலியைப் பார்த்தார். "கேட்டேன்," என்றார் மறுபடியும்.

அவள் சொறியனைப் பார்த்தாள். அதன் மூடாத கண்ணை, அதுதான் உலகத்திலேயே முக்கியமான பொருள் என்பதுபோல, உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அரை நிமிடம் இருக்கும். பேச நினைத்திருந்தால் அந்த அரை நிமிடத்தில் அவள் தன் ஜாதகத்தையே சொல்லி முடித்திருக்கலாம்.

மேடம் நோட்டை மூடினார். பத்து இல்லை, ஏழு நாள். ரீடோபாலஜி வேறு கையால் நடக்கட்டும். கொசுவலையின் ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று கேட்டார். வெள்ளிக்கிழமை என்றார் லீட். "சரி," என்றார் மேடம். புதுப்பிக்க வேண்டாம் என்பதற்கு அங்கே அந்த ஒரு சொல் போதும்.

வெளியே வரும்போது லீட் அவள் தோளில் தட்டினார். "நாள் கேட்ட பாரு, கில்லாடிம்மா நீ," என்றார். தோளில் பட்ட இடம் மாலைவரை அரித்துக்கொண்டே இருந்தது.

*

நடந்தது இதுதான்.

அவள் படித்த கல்லூரியில் நாலு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். வீட்டிலேயே பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். யாரிடம் என்ன கேட்பது என்று சொல்லித்தரவும் வீட்டில் ஆள் இல்லை. கிடைத்த நேரத்தில் தானாகவே செதுக்கிப் பழகினாள். பழகியதெல்லாம் டைனமிக் டோபாலஜியில். அது தூரிகை தொட்ட இடத்தில் மட்டும் புதுப்புது முக்கோணங்களை உண்டாக்கிக்கொள்ளும். எங்கிருந்து வேண்டுமானாலும் கொம்பு இழுக்கலாம், வால் இழுக்கலாம், மனதில் என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

இன்னொரு வழி மல்டிரெசல்யூஷன். ஏற்கெனவே இருக்கிற வலையை ஒன்றுக்கு நாலாகப் பிரித்துப் பிரித்து, அடுக்கடுக்காக நுணுக்கம் ஏற்றுவது. முதல் அடுக்கில் தாடை, ஆறாவது அடுக்கில் தோல் துளை. எப்போது வேண்டுமானாலும் முதல் அடுக்குக்கு இறங்கித் தாடையைத் தள்ளிவைக்கலாம். மேலே உள்ள துளைகள் கலையாமல் கூடவே நகரும். ஆனால் வலையில் இடம் வைக்காத இடத்தில் கொம்பு இழுத்தால் சதுரங்கள் ரப்பர் மாதிரி நீண்டுபோகும். அங்கே எத்தனை முறை பிரித்தாலும் நுணுக்கம் பிடிக்காது. கல்லூரியில் அவள் ஒரு சதுரப் பெட்டியில் மல்டிரெஸ் போட்டு, இரண்டு கொம்பு இழுத்ததும் மொத்த வகுப்பும் சிரித்தது. அதிலிருந்து அவளுக்கு அதன் மேல் ஒரு கடுப்பு. மல்டிரெஸ் என்பது வீட்டுக்கு பிளான் போட்டுவிட்டுக் கடைக்கால் தோண்டுகிறவர்களுக்கு, நமக்கு எதற்கு என்று ஒதுக்கிவைத்தாள்.

இந்த ஆபீஸில் இரண்டுக்கும் இடம் உண்டு, வரிசையும் உண்டு. முதலில் டைனமிக்கில் உருவம் மட்டும். உருவத்துக்கு மேடம் ஒப்புதல் தந்த பிறகு அதன் நகல் ஒன்றை எடுத்து, அந்த நகலில் முக்கோணங்களைக் குறைக்க வேண்டும். டெசிமேட் செய்வது என்பார்கள். ரீடோபாலஜி செய்பவரின் கம்ப்யூட்டர் தாங்க வேண்டுமே, அதற்காக. மூலத்தைத் தொடக் கூடாது. நகலின் மேல் வலை போர்த்தி, அந்த வலையில் மல்டிரெஸ் ஏற்றி, மூலத்தின் வடிவத்தை அதில் படியவைத்து, கடைசியில்தான் துளை, சுருக்கம், கொப்புளம் எல்லாம்.

சேர்ந்த அன்றே இதை லீட் ஒரு படமாக வரைந்து காட்டினார். அவளும் மண்டையை ஆட்டினாள். ஆட்டியது புரிந்ததால் இல்லை. புரியவில்லை என்று சொல்லப் பயந்துதான்.

வெறும் உருவத்தைக் காட்டினால் யார் வாயைப் பிளப்பார்கள்? அவளுக்குக் கைதட்டல் வேண்டியிருந்தது. ஒப்புதலுக்கு முன்பே, டைனமிக்கிலேயே, சொறியனின் ஒவ்வொரு கொப்புளத்தையும் செதுக்கிவிட்டாள். வலது கண்ணில் பழைய காயம் என்று அவளிடம் கொடுத்த மாதிரி ஓவியத்தில் இருந்தது. அந்த இமையை மட்டும் காகிதம் போல மெலிசாக, ஓரத்தில் சின்னச் சின்னத் தழும்போடு செய்தாள். திரையில் பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். மேடம் மட்டும் எல்லாம் பிரமாதம், கழுத்து நீளம், குறைத்துவிடு என்றார்.

மல்டிரெஸ் ஆக இருந்திருந்தால் கீழ் அடுக்குக்கு இறங்கி ஐந்து நிமிடத்தில் குறைத்திருக்கலாம். இங்கே இறங்குவதற்குக் கீழ்ப்படியே கிடையாது. எண்பத்திரண்டு லட்சம் முக்கோணம், எல்லாம் ஒரே தளத்தில். கழுத்தைத் தள்ளினால் மடிப்புகள் பிசைந்த மாவாயின. மறுபடி செதுக்கினாள். பேனாவை இழுத்துவிட்டுத் தண்ணீர் குடித்து வந்தால் அப்போதுதான் கோடு திரையில் விழுந்தது. நாலு நாள் அப்படியே ஓடியது. ஐந்தாம் நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு, கம்ப்யூட்டர் கொஞ்சம் மூச்சு விடட்டுமே, எப்படியும் ரீடோபாலஜிக்கு இரண்டு லட்சத்துக்குள் குறைத்துத்தானே கொடுக்க வேண்டும் என்று நூற்றில் இரண்டு பங்கு மிஞ்சும்படி டெசிமேட் செய்தாள். நகல் எடுக்கவில்லை. மூலத்திலேயே செய்தாள். சேமித்தாள். சாப்பிடப் போகும்முன் கைப்பழக்கத்தில் இன்னொரு முறை சேமித்தாள்.

மென்பொருள் கடைசிக்கு முந்தைய ஒரே ஒரு பதிப்பைத்தான் ஒளித்துவைத்திருக்கும். இரண்டாவது முறை சேமித்ததில் அதுவும் போயிற்று. எண் போட்டு அவள் வைத்திருந்த கடைசிப் பதிப்பு பதினொன்றாவது. அது பத்து நாள் பழையது. புதுக் கழுத்து இல்லை, கொப்புளம் பாதி, காயம் பட்ட இமை இல்லவே இல்லை.

சாப்பிட்டு வந்து பார்த்தபோது தூரத்திலிருந்து சொறியன் நன்றாகத்தான் இருந்தது. பெரிய வடிவத்தை டெசிமேட் பத்திரமாகவே வைத்திருக்கும். கிட்டே போனாள். தோல் முழுக்கப் பட்டை தீட்டிய கல் மாதிரி பட்டை பட்டையாகத் தெரிந்தது. எது முதுகு, எது இமை என்று அந்தக் கணக்குக்குத் தெரியாது. மெலிசான இடத்தில் புள்ளிகளை ஒன்றோடொன்று சேர்த்துவிடும். இடது இமை தடிமன், தப்பித்தது. வலது இமையின் ஓரமே காணோம். உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒட்டிக் கத்தி முனையாகி, மூலையில் மேல் இமையும் கீழ் இமையும் ஒன்றாக உருகிப்போயிருந்தன.

அப்போதே எழுந்து பத்தடி நடந்து லீடிடம் சொல்லியிருக்கலாம். வீட்டுக்குப் போய் என்ன சொல்வது என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு தோன்றியது அதைவிடக் கேவலம். அந்த உடைந்த மாடலையே மறுபடி டைனமிக்கில் போட்டு, மேலே கொப்புளங்களை அவசர அவசரமாகத் தெளித்து, அதற்கு 'மூலம்' என்று பெயர் வைத்தாள். குறைந்ததற்கு 'நகல்' என்று பெயர் வைத்தாள். இரண்டையும் அனுப்பினாள். லீட் திரையைத் தூரத்தில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒப்புதல் போட்டார். முக்கோணக் கோடுகளைக் காட்டும் வயர்ஃப்ரேமைப் போட்டு அவர் பார்க்கவில்லை.

பார்த்தது கொசுவலைதான். இரண்டாம் நாளே அவள் மேஜைக்கு வந்தார்.

"தங்கச்சி, வலது கண்ணுல ஓரமே இல்லயே. மூலையும் ஒட்டியிருக்கு. இது டிசைனா, இல்ல ஏதாச்சும் ஆயிடுச்சா?"

எவ்வளவு மரியாதையான கேள்வி. 'ஏதாச்சும் ஆயிடுச்சா' என்று வாசலைத் திறந்துவைத்துக் கேட்ட கேள்வி. அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"டிசைன்தான்ணா. அது காயம்."

அவர் நம்பினாரோ இல்லையோ, ஒன்பது நாள் உட்கார்ந்து, இல்லாத ஓரத்தைச் சுற்றி வளையம் போட்டார்.

*

ரிவ்யூ முடிந்த அன்று மாலை அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வருடமாகச் சட்டைத் தொழிற்சாலையில் தையல் வரிசை. கழுத்துப்பட்டை வைக்கிற வேலை. கட்டைவிரல் ஊசி ஏறி ஏறி மரத்துப்போயிருக்கும். மகள் கம்ப்யூட்டரில் பொம்மை செய்கிறாள் என்பதுவரை அவளுக்குத் தெரியும். அதை வரிசை முழுக்கச் சொல்லியும் வைத்திருந்தாள்.

நாள் கேட்டதை மகள் சொன்னாள். அம்மா கத்தியை நிறுத்தினாள். ஏழு நாள் கொடுத்தார்கள் என்றதும் அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "குடுத்துட்டாங்களா? நீ கேட்டு? அடிப்பாவி," என்று வெங்காயக் கையாலேயே அவள் கன்னத்தை வழித்தாள். கண் எரிந்தது. எரிந்ததற்கு வெங்காயம் ஒரு சாக்கு.

"ஏம்மா, துணி வெட்டும்போதே அளவு தப்பாயிடுச்சுன்னா, உங்க ஃபேக்டரில யாரத் திட்டுவாங்க?" என்று கேட்டாள். எதற்குக் கேட்கிறாள் என்று அம்மா கேட்கவில்லை. அவளுக்குத் தன் தொழிற்சாலையைப் பற்றி யாராவது கேட்டால் போதும்.

"தச்சவளத்தான். கட்டிங் டேபிள்காரன் ஆபீஸ் ரூம் பக்கத்துல நிக்கிறான், டீ வாங்கிக் குடுக்கறான். சட்டையில ஒட்டியிருக்கற நம்பர் யாரோடது? எங்களோடது. கழுத்து கோணினா என் நம்பர்தான் போர்டுல ஏறும். துணியே கோணல்னு சொன்னா, ஏன் அப்பவே சொல்லலன்னு கேப்பாங்க. சொல்லியிருப்போம். சொன்னத யாரு எழுதிவெச்சா?"

கோபமே இல்லாமல் சொன்னாள். வெயில் அடிக்கிறது, மழை பெய்கிறது என்பதுபோல. பிறகு மறுபடி நறுக்க ஆரம்பித்தாள்.

சின்ன வயதில் அந்தக் கட்டிங் டேபிள்காரர்களை நினைத்துப் பல்லைக் கடித்திருக்கிறாள் அவள். ஒரு நாள் படித்து அந்த ஆபீஸ் அறைக்குள் போய் அவர்களை நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்றுகூட நினைத்ததுண்டு. படித்தாயிற்று. அறைக்குள் போயுமாயிற்று. போய் எந்தப் பக்கம் நின்றாள்? அன்று அவள் தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்தாள். வேலை அதிகமாக்கும் என்று அம்மா பெருமையாகத் தட்டை மூடிவைத்தாள்.

*

செவ்வாய்க்கிழமை பதினொன்றாம் பதிப்பிலிருந்து ஆரம்பித்தாள். இந்த முறை ஒழுங்காக. டைனமிக்கில் உருவத்தை மட்டும் திருத்தினாள். குட்டைக் கழுத்து, காயம் பட்ட இமை, இமைக்குத் தெளிவான ஓரம். கொப்புளம் ஒன்றுகூட வைக்கவில்லை. கை துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டாள். மேடத்திடம் உருவத்துக்கு மட்டும் ஒப்புதல் வாங்கினாள். மூலத்துக்கு எண் போட்டுப் பூட்டினாள். நகல் எடுத்தாள். இரண்டு கண்களையும் உதடுகளையும் குறைப்பிலிருந்து விலக்கிக் குறித்துவைத்து, மற்றதை மட்டும் டெசிமேட் செய்தாள். ஒன்றேமுக்கால் லட்சம் வந்தது. வயரைப் போட்டு இமையோரத்தில் முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்தாள். ஓரம் இருந்தது. மொத்தமே ஒன்றரை நாள் வேலை. இந்த ஒன்றரை நாளை மிச்சம் பிடிக்கத்தான் ஒரு மனிதரின் ஒன்பது நாளைத் தின்றிருக்கிறாள்.

ரீடோபாலஜிக்குப் புது ஆள் கிடைக்கவில்லை. தானியங்கியில் விட்டுப் பாரேன் என்றார் லீட். விட்டாள். சதுரங்கள் அழகாகத்தான் வந்தன. ஆனால் கண்ணைச் சுற்றி வளையம் மூடாமல் திருகுசுருள் மாதிரி சுற்றிக்கொண்டு கன்னத்துக்குப் போய்விட்டது. அப்படிப்பட்ட கண் எந்த ஜென்மத்திலும் ஒழுங்காக மூடாது. சரி, நானே போடுகிறேன் என்று உட்கார்ந்தாள். இடது கண்ணுக்கு மட்டும் அரை நாள் போயிற்று. ஒரு வளையத்தை மூடினால் இன்னொன்றில் ஐந்து மூலை வந்தது. அதைச் சரிசெய்தால் மூக்கில் போய் இடித்தது. மாலைக்குள் கழுத்து பிடித்துக்கொண்டது. அந்தப் பச்சைத் தலையணை எதற்கென்று அன்றுதான் புரிந்தது.

உடம்பும் கால்களும் மாறவில்லையே, அதைக் கொசுவலையின் வலையிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம் என்று அந்தப் புதன்கிழமை மாலையே அவருடைய கோப்பைத் திறந்தாள். திறந்ததும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முதுகில் ஒவ்வொரு வரிசையும் எலும்பு போகிற வழியில் போயிற்று. தோள் மடிகிற இடத்தில் மூன்று வரிசை நெருக்கம், மடியாத இடத்தில் அகலம். எங்கேயும் ஒரு சதுரம் வீணில்லை. கண்ணுக்கு வந்தாள். வலது கண் மூலையில், அந்த உருகிய இடத்துக்குப் பக்கத்தில், சிவப்பில் ஒரு சின்னக் குறிப்பு ஒட்டியிருந்தது. கோப்பைத் திறந்தால் மட்டும் தெரிகிற குறிப்பு.

'இங்கே ஓரம் இல்லை. டெசிமேட்டில் போனது போலத் தெரிகிறது. கேட்டேன். டிசைன் என்றாள்.' கீழே தேதி. அவள் பொய் சொன்ன அதே நாள்.

எழுதிவைத்திருக்கிறார். அன்றே எழுதிவைத்திருக்கிறார். ரிவ்யூ அறையில் கோப்பைத் திற என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அடுத்த நிமிடம் வெளியே போயிருப்பது அவள்தான்.

*

தண்ணீர் மெஷின் பக்கத்தில் அவரைப் பிடித்தாள். பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமைவரை வேறு வேலை எதுவும் தராமல் பழைய கோப்புகளை அடுக்கச் சொல்லியிருந்தார்கள்.

"குறிப்பைப் பார்த்தேண்ணா," என்றாள்.

அவர் தலையாட்டினார். பாட்டில் நிரம்புவதைப் பார்த்தார்.

"அன்னிக்கே ஏன் காட்டல?"

"காட்டியிருக்கலாம்." மூடியைத் திருகினார். "அரை நிமிஷம் இருந்துச்சு. நீ சொல்லுவன்னு பார்த்தேன். நீயும் ஏதோ பாத்துட்டிருந்த. அதுக்கப்புறம் காட்டினா புகார் பண்ண மாதிரி இருக்கும்னு விட்டுட்டேன். என் முட்டாள்தனம், அது என் கணக்கு."

அவளுக்குக் கண் நிறைந்தது. அவர் ஒரு கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

"அழாத. நீ அழுதா நான் சமாதானம் பண்ணணும். அந்த வேலையும் என் தலையிலயா?"

ஒரு வார்த்தையும் சத்தமாக இல்லை. போகும்போது மட்டும், தோளைக் கழுத்தோடு சேர்க்கும்போது அந்த மூன்று வரிசையைப் பிரிக்காதே, அசைக்கிறவன் திட்டுவான் என்று வேலையைச் சொல்லிவிட்டுப் போனார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவளும் நாலு வார்த்தை எதிர்த்துப் பேசி ஆறியிருப்பாள். இதற்கு எங்கே போய் ஆறுவது?

மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள். பொய் சொன்னதுகூடப் பயத்தில் என்று ஏதாவது சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். நாள் கேட்டதுதான் பொறுக்கவில்லை. பொய்யை ஒளித்துச் சரிசெய்யக் கேட்ட நாள் அது. அந்த நாளைக் கொடுத்தது மேடம் இல்லை, கொசுவலை.

*

வியாழக்கிழமை காலை பத்தரைக்கு லீடின் கண்ணாடி அறைக் கதவைத் தட்டினாள். பதினொன்றுக்கு ரிவ்யூ. நடந்ததைச் சொன்னாள், மூலத்திலேயே டெசிமேட் செய்ததிலிருந்து 'டிசைன்தான்' வரைக்கும். சுற்றி வளைக்கவில்லை.

லீட் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். அதிர்ச்சி அடையவில்லை. அதுதான் அவளுக்கு அதிர்ச்சி.

"எனக்கு அன்னிக்கே தெரியும்மா," என்றார். "கண் கிழிஞ்சப்ப வயரைப் போட்டுப் பாத்தேன். ஆனா ஒப்புதல் போட்டது யாரு? நான். என்ன பண்ணச் சொல்ற? அவரு ஒப்பந்த ஆள். இன்னொரு இடம் கிடைச்சிடும். நீ நிரந்தரமாகப் போற பொண்ணு. உன் வீட்டுல நீதான் முதல்ல படிச்சவன்னு இன்டர்வியூல சொன்னியே, அதுக்காகத்தான் உன்ன எடுத்தேன். அதக் கெடுத்துக்காத."

அதற்காகத்தான் எடுத்தாராம். செதுக்கியதைப் பார்த்து எடுத்தார் என்று ஐந்து மாதமாக நினைத்துக்கொண்டிருந்தாள். முகம் குப்பென்று சூடானது. வெட்கமா, கோபமா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை.

"என் வீட்டுல முதல்ல படிச்சது நான்தான் சார். முதல்ல தப்பைத் தூக்கி அடுத்தவங்க நம்பர்ல ஒட்டினதும் நான்தான். எங்கம்மா இருபத்திரண்டு வருஷத்துல ஒரு தடவ அதப் பண்ணல."

"சத்தம் போடாத. இப்ப என்ன, மேடம்கிட்ட மெதுவா நான் பேசறேன். அடுத்த வாரம்."

"நாளைக்கு வெள்ளிக்கிழமை."

"பேசறேன்னு சொல்றேன்ல. அதுவரைக்கும் நீ எங்கயும் எதையும் எழுதிடாத. டாஸ்க் பக்கத்துல எழுதினா கிளையன்ட் வரைக்கும் படிப்பான், தெரியுமில்ல?"

"தெரியும்," என்றாள்.

அப்போது அவர் மேஜைக் கம்ப்யூட்டரில் அறிவிப்புச் சத்தம் கேட்டது. எல்லார் வேலையும் பதிவாகும் டாஸ்க் பக்கத்தில் மேடம் எதற்கோ பதில் போட்டிருக்கிறார். லீட் திரும்பிப் பார்த்தார். சொறியன் தலை என்ற வரியின் கீழே, பத்து இருபதுக்கே ஒரு குறிப்பு ஏறியிருந்தது. வயர் தெரிகிற இரண்டு படங்கள், டெசிமேட்டுக்கு முன் பதினொன்றாம் பதிப்பு, பின் அவள் அனுப்பியது. கொசுவலையின் சிவப்புக் குறிப்பின் படம் ஒன்று. கீழே நாலு வரி. மூலத்தைக் குறைத்தது நான். கேட்டபோது பொய் சொன்னது நான். ரீடோபாலஜியில் பிழை இல்லை. அவர் போட்ட உடம்பு வலையைத்தான் இப்போதும் பயன்படுத்துகிறேன், அவர் பெயர் இருக்க வேண்டும். மேடத்தின் பதில் ஒரே வரி: 'பதினொன்றுக்கு மூன்று பேரும் வரவும்.'

"எப்ப அனுப்பின?" லீடின் குரல் இறங்கியிருந்தது.

"உள்ள வர்றதுக்கு முன்னாடியே. உங்ககிட்ட கேக்க வரல சார். சொல்லத்தான் வந்தேன்."

"வேலை போயிடும்மா."

அவளுக்கும் அது தெரியும். அம்மாவிடம் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்பதுவரை பஸ்ஸில் யோசித்துத்தான் வந்திருந்தாள். அந்த வார்த்தை கிடைக்கவில்லை. கிடைக்கும்வரை காத்திருக்க அவளுக்கு நாளும் இல்லை.

கையோடு கொண்டுவந்த பேனாவையும் வரைபலகையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். கண்ணாடிக் கதவைத் தள்ளினாள். வெளியே, நீண்ட மேஜை வரிசையில், பச்சைத் தலையணை வைத்த நாற்காலியிலிருந்து கொசுவலை எழுந்து நின்று தன் திரையைப் படித்துக்கொண்டிருந்தார். அவர் நிமிர்வதற்குள் அந்த இடத்தைக் கடந்துவிட வேண்டும் என்று தோன்றியது. வேகத்தைக் கூட்டாமல் நடந்தாள்.

பின்னால் லீட் ஏதோ கூப்பிட்டார். அவள் ரிவ்யூ அறைப் பக்கம் திரும்பிவிட்டாள்.